கட்டிலுக்கடியில் கொட்டிய மாவு: காங்கயம் பக்கம் ஒரு வேப்பமரத்து வீடு

காங்கயத்திலிருந்து வெள்ளக்கோவில் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்து வீடு. வைகாசியில் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள். ஆவணி பிறந்த சமயம், அந்த வீட்டு அக்கா கட்டிலுக்கடியில் கூட்டும்போது கடலைமாவு சிந்தியது போல இரண்டு மூன்று சின்னக் குவியல்கள் கிடந்திருக்கின்றன. கூட்டி அள்ளிவிட்டார். மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும் மாவு. பத்து நாள் கழித்துத் தலைவாசல் நிலவின், அதாவது கதவைத் தாங்கும் மரச்சட்டத்தின், அடியிலும் அதே போலக் கொட்டத் தொடங்கியது.

ஈரோட்டுப் பக்கம் மரத்துக்கு மருந்து ஏற்றும் வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். புரட்டாசி முதல் வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். போனதும் அந்த அக்கா சொன்ன முதல் வார்த்தை, "புது வீட்டுல செல்லு புடிச்சிருச்சுங்கண்ணா" என்பதுதான். எங்கள் பக்கம் கரையானைச் செல் என்போம். மரத்தில் எது அரித்தாலும் செல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த வீட்டில் அந்தப் பழக்கத்தால் ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. கடையில் கரையான் மருந்து வாங்கிக் கட்டில் கால்களைச் சுற்றித் தரையில் ஊற்றியிருந்தார்கள். மாவு நிற்கவில்லை.

நிற்காது. கரையான் மாவு கொட்டாது. அது மண்ணைக் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டு, ஈரம் காயாமல் மறைவாக வரும். தின்ற இடத்தில் மண் அப்பியிருக்கும். நிலத்தோடு தொடர்பில்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையான் என்று ஒன்று உண்டு. அதுவும் மாவு தள்ளாது, கசகசா போலக் குருணை குருணையாக எச்சத்தைத் தள்ளும். விரலில் வைத்துத் தேய்த்தால் நெறுநெறுவென்று இருக்கும். இந்த வீட்டில் கொட்டியது அப்படி இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன், முகத்துக்குப் போடும் பவுடர் போல வழுக்கியது. அது வண்டின் வேலை. உளுத்துப் போச்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

மரத்தின் வரலாறு

இந்த மாதிரி இடத்தில் நான் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மரம் எங்கே நின்றது, எப்போது வெட்டினார்கள், எங்கே அடுக்கினார்கள் என்று கேட்பேன். பதில் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

சொந்தத் தோட்டத்து வேப்பமரம் மூன்று. வேலியோரம் நின்றவை, இருபது வயசுக்குள் இருக்கும் என்றார்கள். ஐப்பசியில் மழைக்கு நடுவே வெட்டி, மில்லில் கொடுத்து அறுத்து, பலகையையும் சட்டத்தையும் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் இருந்த சாலைக்குள், அதாவது கொட்டகைக்குள், அடுக்கியிருக்கிறார்கள். அதே சாலையில் மூன்று வருடத்து விறகு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வாகை விறகில் ஊசியால் குத்தியது போல ஓட்டை, தட்டினால் மாவு. ஒரு மூங்கில் தடுக்கு கையில் எடுத்ததும் நொறுங்கியது. புது மரத்தைக் கொண்டுபோய் வண்டுகளின் வீட்டிலேயே விருந்துக்கு வைத்தது போல ஆகிவிட்டது. தை மாதம் ஆசாரி வேலையை ஆரம்பித்து, நிலவு, ஆறு ஜன்னல், ஒரு கட்டில் எல்லாம் பங்குனிக்குள் முடித்தார். மண்ணெண்ணெய் ஒரு கை, பிறகு பிரைமர், அப்புறம் வார்னிஷ்.

ஆசாரியும் அன்று வந்திருந்தார். நல்ல கைவேலைக்காரர், பொருத்து ஒன்றில்கூட நகம் நுழையாது. அவர் வருத்தத்தோடு கேட்டார்: "வேம்புல பூச்சி வராதுன்னுதானுங்க எங்கப்பா காலத்துல இருந்து செய்யறோம். கசப்பு மரத்த எது திங்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் கட்டிலைக் கவிழ்த்துப் போடச் சொன்னேன். அடிப்பக்கம் வார்னிஷ் அடிக்காமல் விட்டிருந்தார்கள், அதனால் மரத்தின் நிறம் அப்படியே தெரிந்தது. சட்டத்தின் ஒரு பக்கம் செம்பழுப்பு, இன்னொரு ஓரம் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெளுப்பு. செம்பழுப்பு வைரம், எங்கள் பக்கம் சேகு என்பார்கள். வெளுப்பை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள், மரம் உயிரோடு நின்றபோது நீரும் உணவும் ஓடிய பகுதி. இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் கோடு போட்டு, ஓட்டைகளை எண்ணினோம். ஒரு சட்டத்தில் 46 ஓட்டை. 44 வெள்ளையில், இரண்டு கோட்டின் மேலேயே. சேகில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து மெடிக்கலில் வாங்கிய டிங்சர் அயோடினை நாலு மடங்கு தண்ணீர் விட்டுக் கலக்கினேன். உளியால் ஒரு இழை சீவிப் புது முகம் எடுத்து, வெள்ளையில் ஒரு சொட்டு, சேகில் ஒரு சொட்டு. சேகில் விட்டது பழுப்பாகவே நின்றது. வெள்ளையில் விட்டது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது. பள்ளியில் உருளைக்கிழங்கில் செய்து பார்த்த அதே சோதனைதான். அங்கே மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வண்டுகளில் லிக்டஸ் என்ற இனம் மரத்தை மிகக் கவனமாகப் பரிசோதிக்கும். பெண் வண்டு முதலில் மரத்தைக் கடித்துச் சுவை பார்க்கும். மாவுச்சத்து இருந்தால் மட்டும், மரத்தின் நுண்குழாய் வாய்களுக்குள் முட்டை குழாயை நீட்டி முட்டை வைக்கும். புழு அந்த மாவுச்சத்தைத் தின்றுதான் வளர்கிறது. சேகில் மாவுச்சத்து இல்லை, அதனால் அங்கே வேலையும் இல்லை. வேம்பின் கசப்பு இலையிலும் கொட்டையிலும் எவ்வளவு இருந்தாலும், வெள்ளைக்கட்டையில் இருக்கும் மாவுச்சத்தை அது காப்பாற்றாது.

அப்படியானால் பெரியவர்கள் செய்த வேம்பு நிலவு எப்படி அறுபது எழுபது வருடம் நின்றது? அந்த வீட்டு அப்புச்சியே அதைச் சொன்னார். "அப்பெல்லாம் ரெண்டு பேர் கட்டிப் புடிக்கற மரந்தான் வெட்டுவோம் கண்ணு. வெட்டுன மரத்தக் குட்டைல ஆறு மாசம் போட்டு வெப்போம். நாத்தம் அடிக்கும்." பெரிய மரம் என்றால் பெரும்பகுதி சேகு. குட்டைத் தண்ணீரில் ஊறியபோது வெள்ளையில் இருந்த சர்க்கரையும் மாவுச்சத்தும் கரைந்தும் அழுகியும் போய்விடும், அவர் சொன்ன நாற்றம் அதனால்தான். வண்டுக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாது. இப்போது இருபது வயது மரத்தை வெட்டுகிறோம், வெள்ளை பாதிக்குப் பாதி. குட்டையும் இல்லை, ஆறு மாதம் காத்திருக்க நேரமும் இல்லை. வேம்பு மாறவில்லை, நாம் அதைக் கையாளும் விதம்தான் மாறியது.

மாவு கொட்டிய காலமும் கணக்குக்குச் சரியாக வந்தது. நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து வண்டாகி வெளியே வரப் பெரும்பாலும் நாலைந்து மாதம் ஆகும். ஆவணியில் ஓட்டை போட்டு வெளியே வந்தது என்றால், முட்டை வைத்தது மாசி பங்குனியில், சாலையிலோ பட்டறையிலோ, வார்னிஷ் அடிப்பதற்கு முன்னால். வார்னிஷ் மேல் பூச்சு நுண்குழாய்களை அடைக்கும், புதிதாக லிக்டஸ் முட்டை வைக்க விடாது. அதுவரை நல்லதே. ஆனால் உள்ளே இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. வளர்ந்த வண்டு வார்னிஷையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். 3 மில்லிமீட்டர் அளவில் சில பெரிய ஓட்டைகளும் அந்த நிலவில் இருந்தன. அவை வேறு இனத்தின் வேலை. சைனாக்சைலான் போன்ற அந்த வண்டுகள் ஈரமான புது மரத்திலேயே தாமே துளைத்து உள்ளே நுழைந்து முட்டை வைக்கும். ஐப்பசியில் வெட்டிப் போட்ட வாரத்திலேயே அவை வந்திருக்கலாம்.

குளியலறை நிலவில் இருந்தது வேறு

வீட்டை முழுதும் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் பழக்கம். குளியலறை நிலவின் காலடியில், சிமெண்டுப் பூச்சும் மரமும் சேரும் இடுக்கில், பென்சில் தடிமனில் ஒரு மண் கோடு ஏறியிருந்தது. குச்சியால் சுரண்டிவிட்டேன். வெள்ளையாக நாலைந்து பூச்சிகள் ஓடின. இது உண்மையான செல். ஆக, அக்கா சொன்னதும் பொய்யில்லை. ஒரே வீட்டில் இரண்டு எதிரிகள், இரண்டும் வேறு வேறு வழியாக வந்தவை. வண்டு மரத்தோடு உள்ளே வந்தது. கரையான் நிலத்திலிருந்து சுவர் இடுக்கு வழியாக வந்தது. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்கு வழி மறிக்காது.

அந்த நிலவின் கால் தரைக்குள் இரண்டு அங்குலம் புதைத்து வைக்கப்பட்டிருந்தது. அறுத்த முனைதான் மரத்தின் திறந்த வாய். நுண்குழாய்கள் எல்லாம் அங்கேதான் வெட்டுப்பட்டு நிற்கும். பக்கவாட்டில் மருந்து தடவினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கும், முனையில் அதைப் போலப் பல மடங்கு இறங்கும். ஈரமும் அதே வழியாகத்தான் ஏறும். அந்த முனைக்கு ஒரு சொட்டு மருந்துகூடப் போகவில்லை. குளியலறைத் தரை ஈரம் வேறு.

வந்துவிட்டதற்குச் செய்தது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வந்த பிறகு செய்வதில் முழு நிம்மதி கிடையாது. கட்டிலில் வெள்ளை அதிகமிருந்த இரண்டு பக்கச் சட்டங்களைக் கழற்றி அன்றே எரித்தோம். தலைவாசல் நிலவைக் கழற்ற முடியாது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசி போட்டு, எண்ணெய்க் கரைசலாக வரும் மர மருந்தைச் செலுத்தினோம். ஓட்டைகள் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் ஒன்றில் செலுத்தினால் மற்றொன்றில் வழியும், அப்படி வழிந்தால் நல்ல அடையாளம். இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தோம். ஓட்டைகளை உடனே மக்கு வைத்து அடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு வந்தேன். வட்டத்துக்கு வெளியே புது ஓட்டை வந்தால் உள்ளே இன்னும் புழு இருக்கிறது என்று தெரியும். அடுத்த ஆறு மாதத்தில் ஐந்து புது ஓட்டைகள் வந்தன, ஐந்துக்கும் திரும்ப ஊசி. அதற்குப் பிறகு இல்லை.

குளியலறைப் பக்கம் தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஒரு அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, கட்டடத்துக்கான கரையான் மருந்தைத் தண்ணீரில் கலந்து மண் வரைக்கும் இறங்கச் செலுத்தினோம். நிலவின் உட்பக்கத்தில் சாய்வாகச் சிறு துளைகள் போட்டு அதிலும் எண்ணெய் மருந்து விட்டோம்.

மாடிக்கான மரம்

அந்தக் குடும்பம் அடுத்த வருடம் மாடி எடுப்பதாக இருந்தது. இன்னும் இரண்டு வேப்பமரம் நின்றது. "இதை வித்துப்போட்டுத் தேக்கே வாங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டார்கள். வேண்டாம், இதையே சரியாகச் செய்வோம் என்றேன். தேக்கிலும் வெள்ளை உண்டு, அதையும் வண்டு தின்னும். மலிவாகக் கிடைக்கும் இளந்தேக்கில் வெள்ளை நிறையவே இருக்கும்.

பங்குனியில் வெட்டினோம். வேம்பு இலை உதிர்த்து, தளிரும் பூவுமாக நிற்கிற சமயம், சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்திருக்கும் என்பதால் ஐப்பசியை விட இது மேல். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, மருந்துதான் முக்கியம். வெட்டிய மூன்றாம் நாள் மில்லுக்குப் போனது. அறுக்கும்போது ஒரு திட்டம் வைத்தோம். மரத்தின் நடுவிலிருந்து வரும் சேகு எல்லாம் 4க்கு 3 அங்குலச் சட்டமாக நிலவுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும். வெள்ளை கலந்த ஓரம் எல்லாம் ஒரு அங்குலப் பலகையாக, அலமாரிக்கும் கட்டிலுக்கும். தடிமனான கட்டைக்குள் மருந்து போக நாளாகும், மெல்லிய பலகைக்குள் சீக்கிரம் போகும். மருந்து தேவைப்படும் வெள்ளையை மருந்து போகக்கூடிய தடிமனில் அறுப்பதுதான் அந்தத் திட்டத்தின் பொருள்.

மருந்து, போராக்ஸ் எனப்படும் வெங்காரமும் போரிக் அமிலமும். தனித்தனியாக இரண்டுமே தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, சரியான விகிதத்தில் சேர்த்தால் நன்றாகக் கரையும். போரிக் அமிலம் 1 பங்குக்கு வெங்காரம் 1.54 பங்கு என்பது அந்த விகிதம், வேலைக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் 160 லிட்டர் தண்ணீருக்கு வெங்காரம் 24 கிலோ, போரிக் அமிலம் 16 கிலோ போட்டோம். எடைக்கு 20 சதவிகிதக் கரைசல். பச்சைத் தண்ணீரில் இவ்வளவு கரையாது, அடியில் படிந்துவிடும். அண்டாவில் வெந்நீர் வைத்துக் கரைத்து ஊற்றினோம், பங்குனி வெயில் மீதியைப் பார்த்துக்கொண்டது. தொட்டிக்குச் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்தால் போதும், எட்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம்.

இங்கே மரம் காய்ந்திருக்கக் கூடாது. ஆசாரிக்கு இது புதிதாக இருந்தது, காய்ந்த மரம்தான் மருந்தை உறிஞ்சும் என்று நினைத்திருந்தார். எண்ணெய் மருந்துக்கு அது சரி. வெங்காரக் கரைசலுக்குத் தலைகீழ். மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்தான் அதற்கு வழி. மேலே ஒட்டிய உப்பு, உள்ளே ஈரம் இருக்கும்வரை மெல்ல மெல்ல உள்நோக்கிப் பரவும், ஊறுகாய்க்கு உப்புப் போட்டது போல. வழி காய்ந்துவிட்டால் உப்பு மேலேயே நின்றுவிடும்.

அதனால் அறுத்த அன்றே, மரத்தூளைத் துடைத்துவிட்டு, நாலைந்து பலகையாகத் தொட்டியில் முக்கிப் புரட்டி எடுத்தோம். ஐந்து நிமிடம் போதும். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். நடுவில் கட்டை வைக்காமல், பலகை மேல் பலகையாக நெருக்கி அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி, நிழலில் வைத்தோம். ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது வழக்கம். தடிமன் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு காலம் ஆகும் என்பதால், 3 அங்குலச் சட்டம் முழுதும் ஊறக் காத்திருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதை மட்டும் இன்னொரு முறை முக்கி, மேலும் ஒரு மாதம் சுற்றி வைத்தோம். சேகுக்குள் அதிகம் போகாது, போகவும் தேவையில்லை, ஓரத்தில் இருக்கும் வெள்ளைக்குப் போனால் சரி.

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கையாக இருந்தோம். தொட்டி கட்டுத்தறிக்கு அருகில் இருந்தது. மாடு உப்பு என்றால் நக்கும். ராத்திரி தொட்டி மேல் தகரம் போட்டுக் கல் ஏற்றினோம், அடுக்கையும் முள்ளால் அடைத்தோம். அப்புறம் மிச்சக் கரைசல். வீட்டுக்காரர் அதைத் தென்னைக்கு ஊற்றலாமா என்று கேட்டார், வெங்காரம் தென்னைக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறார். கிராம் கணக்கில் போட்டால் நல்லது. வாளிக் கணக்கில் ஊற்றினால் அதே சத்து வேரைக் கொல்லும். மிச்சத்தைக் கேனில் மூடி வைத்து, பிற்பாடு வெட்டுமுனைகளுக்குத் தடவப் பயன்படுத்தினோம்.

தவறும் ஒன்று நேர்ந்தது, என் தவறு. மூன்றாம் வாரம் தாளைப் பிரித்துப் பார்த்தபோது மேல் பலகைகளில் கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. வெங்காரம் மரத்தை அழுகவிடாது, வண்டை விடாது, ஆனால் மேலே படரும் பூஞ்சையைத் தடுக்கும் அளவுக்கு வல்லமை அதற்கு இல்லை. தாளுக்கு அடியில் பழைய சாக்கைப் போட்டிருந்தேன், பூஞ்சை அதிலிருந்து தொற்றியது என்று நினைக்கிறேன். பலம் குறையவில்லை, இழைத்ததும் போய்விட்டது. ஆனால் இழைப்புளி ஓடும் ஒவ்வொரு முறையும் மருந்து அதிகமாக இருக்கும் மேல் தோல்தான் போகிறது. பரவ விடாமல் மேலே மட்டும் தடவிய மரமாக இருந்திருந்தால் அந்த ஒரு இழைப்பில் மருந்து மொத்தமும் சீவலாகியிருக்கும்.

மஞ்சள் சொன்னது

மருந்து உள்ளே போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஈரோட்டு மஞ்சளே போதும். குங்குமம் செய்கிறவர்கள் மஞ்சளில் வெங்காரம் சேர்ப்பார்கள், சிவந்துவிடும். அதே உறவுதான்.

10 கிராம் மஞ்சள்தூளை 90 மில்லி சாராயச் சத்தில், அதாவது எத்தனாலில், கலக்கித் தெளிய விட்டு வடிகட்டினேன். இது முதல் கரைசல். இன்னொரு புட்டியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லியை எத்தனாலில் 100 மில்லி ஆக்கி, சாலிசிலிக் அமிலம் கரையும் மட்டும் போட்டது. அமிலம் கையையும் கண்ணையும் எரிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. இரண்டாவது புட்டி எதற்கு என்று ஆசாரி கேட்டார். மஞ்சள் சுண்ணாம்பு பட்டாலும் சிவக்கும். அந்தச் சிவப்பு அமிலம் பட்டால் மஞ்சளாகத் திரும்பிவிடும். வெங்காரச் சத்தால் வந்த சிவப்பு அமிலத்திலும் நிற்கும். அதனால் இரண்டாவது புட்டிதான் உண்மையைச் சொல்வது.

பலகையின் முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி அறுத்தோம், முனைப் பக்கம் எப்போதும் அதிகம் உறிஞ்சும், அங்கே பார்த்தால் ஏமாந்துபோவோம். அறுத்த முகத்தில் மஞ்சள் கரைசலைத் தெளித்தோம், காய்ந்ததும் இரண்டாவதை. ஒரு அங்குலப் பலகையின் வெள்ளை, ஓரத்திலிருந்து நடுவரை செம்பருத்தி நிறமாகச் சிவந்தது. 3 அங்குலச் சட்டத்தில் வெள்ளை ஓரம் முழுதும் சிவப்பு, சேகுக்குள் கால் அங்குலம் சிவப்பு, நடுவில் மஞ்சள். எதிர்பார்த்தது அதுதான். ஒரே ஒரு பலகையில் நடுவில் மஞ்சளாக ஒரு கீற்று இருந்தது. அது மில்லில் மறந்துபோய் நாலு நாள் வெயிலில் கிடந்த பலகை, முக்குவதற்கு முன்பே காய்ந்துவிட்டது. அதைத் தனியே எடுத்து வைத்தோம்.

ஆசாரியிடம் போன பிறகு

தாளைப் பிரித்து, இப்போதுதான் இடைவெளிக் கட்டை வைத்து நிழலில் அடுக்கினோம். ஆனி ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து எங்கள் சீமையை உலர்த்தும் வேகத்துக்குப் பலகை முனைகள் வெடிக்கும், அதனால் முனைகளுக்கு மட்டும் பெயிண்ட் தடவினோம். புரட்டாசியில் ஆசாரி வேலையைத் தொடங்கினார். அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. எங்கே அறுத்தாலும், எங்கே பொருத்துக்குச் செதுக்கினாலும், பிசின் போடுவதற்கு முன்னால் அந்தப் புது முகத்துக்கு மருந்து தடவி உலர விட வேண்டும். சட்டத்தின் நடுவில் மருந்து போகவில்லை என்று மஞ்சளே காட்டியிருந்தது, பொருத்துக்குச் செதுக்குகிற இடத்தில் அந்த நடுப்பகுதிதான் வெளியே வரும்.

நிலவின் கால்களை ஒரு தட்டில் இரண்டு அங்குலம் எண்ணெய் மருந்து ஊற்றி ராத்திரி முழுதும் நிற்க வைத்தோம். காலையில் தட்டு பாதி காலி. மூன்று நாள் காய்ந்த பின் சுவரைப் பார்க்கும் பக்கத்துக்குத் தார் பூசி, காலைத் தரைக்குள் புதைக்காமல் கருங்கல் துண்டின் மேல் நிறுத்தினோம். கரையான் கல்லைத் தாண்டி ஏற முடியாது என்று நான் சொல்ல மாட்டேன், ஏறும். ஆனால் கல்லின் மேல் ஏற அது வெளியே மண் குழாய் கட்டியாக வேண்டும், கட்டினால் கண்ணில் படும், மறைவாக முனைக்குள் நுழைய முடியாது.

ஜன்னலுக்கு இன்னொரு கவனம் வேண்டும். வெங்காரம் தண்ணீரில் கரைந்து ஏறியது, தண்ணீரிலேயே கரைந்து இறங்கவும் செய்யும். மழைச் சாரல் படும் ஜன்னலை வெறும் மரமாக விட்டால் சில மழையில் மருந்து கழுவிப் போகும். அதனால் சுவரில் வைப்பதற்கு முன்பே ஆறு பக்கமும் பிரைமர், பிறகு இரண்டு கை பெயிண்ட். கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கத்துக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, வைத்த பிறகு தூரிகை நுழையாது. தண்ணீர் தேங்குவது அங்கேதான். உள்ளே இருக்கும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் கழுவிப் போகும் பயம் இல்லை, வாசமும் இல்லை. வார்னிஷை மட்டும் கட்டிலின் அடி, அலமாரியின் முதுகு, இழுப்பறைக்கு உள்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாத எல்லா இடத்திலும் அடிக்கச் சொன்னேன்.

மாடிக்குப் போய் இப்போது இரண்டு வருடம் முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த அக்கா கட்டிலுக்கடியில் கறுப்புத் துணி விரித்து ஒரு வாரம் விட்டுப் பார்க்கிறார், கறுப்பில்தான் மாவு தெரியும். இதுவரை துணி சுத்தமாக இருக்கிறது. அவரிடம் சொல்லி, மருந்து ஏறிய வெள்ளைப் பலகைத் துண்டு ஒன்றையும், அதே பலகையில் முக்குவதற்கு முன் அறுத்து எடுத்த துண்டு ஒன்றையும், அந்த விறகுச் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். எட்டாம் மாதம் பார்த்தபோது மருந்து காணாத துண்டில் 17 ஓட்டை, மற்றதில் ஒன்றும் இல்லை. இரண்டு துண்டை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது, அதனால் அவற்றை அங்கேயே வைத்திருக்கிறோம். நடுவில் மஞ்சள் கீற்று தெரிந்த பலகையும் அவற்றோடுதான் கிடக்கிறது. போன மாதம் அதைத் தட்டிப் பார்த்தேன், ஒரு ஓரத்தில் லேசாக மாவு உதிர்ந்தது.